12 நாள், 30 நிமிடம்: ஓர் ஆங்கில நேர்காணலுக்குத் தயாரான விதம்

அவர் என்னிடம் வந்தபோது நேர்காணலுக்குச் சரியாக 12 நாள் இருந்தது. கிடங்கில் இருப்புக் கணக்கு பார்ப்பவர், ஏழு ஆண்டு அனுபவம். தமிழ் வழியில் படித்தவர். ஆங்கிலத்தில் வரும் மின்னஞ்சலைப் படித்துப் புரிந்துகொள்வார். பழைய மின்னஞ்சல்களைப் பார்த்துத் திருத்தமாகப் பதிலும் எழுதுவார். பேசச் சொன்னால் மட்டும் நின்றுவிடும். வரவிருந்தது 30 நிமிட வீடியோ நேர்காணல், முழுக்க ஆங்கிலத்தில்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு வேறொரு நிறுவனத்தில் இதேபோன்ற ஒரு நேர்காணலுக்குப் போயிருக்கிறார். வணக்கம் சொல்லி முடித்ததும் முதல் கேள்வி: "வாக் மீ த்ரூ யுவர் ரெஸ்யூமே." அவர் காதில் 'வாக்' என்பதுதான் முதலில் விழுந்திருக்கிறது. நடப்பதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று மனம் அங்கேயே நின்றுவிட, "எஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார். கேட்டவர் அதே சொற்களை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். மறுபடியும் "எஸ்". மீதி நேரம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். "அக்கா, எனக்கு இங்கிலீஷ் வராது, அதுதான் விஷயம்" என்றார் என்னிடம்.

விஷயம் அது இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்து 12 நாளைச் செலவிட முடியாது. அதனால் முதல் நாள் பாடம் எதுவும் எடுக்கவில்லை, ஒலிப்பதிவு மட்டும் செய்தோம்.

எங்கே நிற்கிறது?

ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டேன், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். "இருப்புக் கணக்கில் வித்தியாசம் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" தமிழில் 2 நிமிடம் 40 விநாடி பேசினார். அழகாகச் சொன்னார், நடுவில் ஒரு நகைச்சுவை கூட வந்தது. ஆங்கிலத்தில் 38 விநாடி. அதில் இரண்டு விநாடிக்கு மேல் நீண்ட மௌனங்கள் ஒன்பது.

மௌனத்தின் எண்ணிக்கையைவிட அது விழும் இடம் முக்கியம். ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்களும் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்கும் முன் நிறுத்துவார்கள். கேட்பவருக்கு அது யோசிப்பதாகத் தெரியும். இவருடைய ஒன்பதில் ஏழு வாக்கியத்தின் நடுவில், பெரும்பாலும் எழுவாய்க்கு அடுத்து விழுந்திருந்தன. "ஐ..." என்று தொடங்கி மூன்று விநாடி. "தி பாக்ஸஸ்..." என்று தொடங்கி நான்கு விநாடி. கேட்பவருக்கு இது தடுமாற்றமாகத் தெரியும்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். "முழுசாகத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அப்புறம் மாற்றுகிறேன் அக்கா" என்றார். அந்தத் தமிழ் வாக்கியத்தையே எழுதித் தரச் சொன்னேன்:

"ஈரத்தில் லேபிள் கழன்று விழுந்ததால் ஸ்கேனில் வராமல் போன பெட்டிகளைத் தேடிப் பிடித்து, சரக்கு வந்த சீட்டோடு ஒப்பிட்டு, புது லேபிள் ஒட்டிக் கணக்கைச் சரிசெய்தேன்."

தமிழில் இது குறையில்லாத வாக்கியம். ஏழெட்டுச் செயல்கள் இருந்தாலும் வினைமுற்று ஒன்றே ஒன்றுதான், அதுவும் கடைசியில். கழன்று, விழுந்ததால், பிடித்து, ஒப்பிட்டு என்று எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போகலாம், தமிழ் தாங்கும். ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்கினால் பெரும்பாலும் அடுத்த சொல்லாகவே வினை வந்தாக வேண்டும். இவர் 'ஐ' என்று வாயைத் திறந்துவிடுகிறார். தேவையான வினையோ மனதிலிருக்கும் தமிழ் வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. அங்கே போய் அதை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் மூன்று விநாடி ஓடிவிடுகிறது. எதிரே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூன்று விநாடி மௌனம் பதற்றத்தைக் கூட்டும், பதற்றம் அடுத்த வினையை இன்னும் தள்ளிவிடும்.

சொற்பஞ்சம் இல்லை என்பதற்கும் சான்று கிடைத்தது. அந்தத் தமிழ் வாக்கியத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலம் கேட்டேன். 'ஒப்பிட்டு' ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் உடனே சொன்னார்.

தமிழிலேயே உடைப்பது

தமிழில் யோசிக்காதே, நேராக ஆங்கிலத்தில் யோசி என்று அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. 12 நாளில் அது நடக்காத காரியம். அதனால் தமிழில் யோசிப்பதை விட்டுவிட்டோம் என்று நடிக்காமல், யோசிக்கும் தமிழை மாற்றினோம். எச்சம் வரக்கூடாது, ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல், அவ்வளவுதான் விதி. மேலே உள்ளது இப்படி ஆனது:

"சில லேபிள்கள் கழன்றுவிட்டன. ஸ்கேனர் அந்தப் பெட்டிகளைக் காட்டவில்லை. நான் தேடினேன். சீட்டைச் சரிபார்த்தேன். புது லேபிள் ஒட்டினேன்."

குழந்தைப் பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது என்று அவர் முகம் சுளித்தார். இருக்கட்டும் என்றேன். இதை ஆங்கிலமாக்கும்போது எதையும் தலைகீழாகத் திருப்ப வேண்டியதில்லை: "சம் லேபிள்ஸ் ஃபெல் ஆஃப். தி ஸ்கேனர் மிஸ்ட் தோஸ் பாக்ஸஸ். ஐ லுக்ட் ஃபார் தெம். ஐ செக்ட் தி டெலிவரி நோட்ஸ். ஐ புட் ஆன் நியூ லேபிள்ஸ்." கேட்பவருக்கு இது குழந்தைத்தனமாகப் படாது, தெளிவாகப் பேசுகிறார் என்றுதான் படும். நானே பல ஆண்டு மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நாளுக்கு ஆறு பேரைக் கேட்கிறவருக்குச் சின்ன வாக்கியம் பேசுகிறவர் மேல் வரும் நன்றியுணர்வைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வெறும் பேச்சைவிட எண் நன்றாக நிற்கும் என்பதால், அந்தச் சம்பவத்தின் கணக்கையும் அவரிடமிருந்து வாங்கினேன். சிஸ்டத்தில் 1,240 பெட்டி, ஸ்கேன் செய்தபோது 1,187. வித்தியாசம் 53. தேடியதில் 41 கிடைத்தன, 12 கிடைக்கவில்லை. ஈரம் தாங்கும் லேபிளுக்கு மாறிய பிறகு அடுத்த கணக்கெடுப்பில் வித்தியாசம் 6. ஆங்கிலம் தடுமாறினாலும் இந்த ஆறு எண்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இதேபோல மொத்தம் நான்கு சம்பவங்களை எடுத்தோம். கணக்கு வித்தியாசம், சக ஊழியரோடு ஒரு மனஸ்தாபம், அவர் செய்த ஒரு தவறு, புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரு மென்பொருள். அனுபவத்தைப் பற்றிய பெரும்பாலான கேள்விகள் எப்படிச் சுற்றி வந்தாலும் இந்த நான்கில் ஒன்றில் வந்து விழும். ஐம்பது கேள்விக்கு ஐம்பது பதில் தயாரிப்பதைவிட, நான்கு சம்பவங்களை எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் சொல்லத் தெரிந்திருப்பது மேல்.

மனப்பாடம் ஏன் கூடாது

நான்காம் நாள் அவர் நான்கு சம்பவங்களையும் ஆங்கிலத்தில் முழுதாக எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். நான் சொல்லாததைச் செய்திருக்கிறார், உழைப்பு வீண் போகக்கூடாதே என்று ஒப்பிக்கச் சொன்னேன். தடையே இல்லாமல் ஓடியது. நடுவில் கையை உயர்த்தி, "மீதி 12 பெட்டி என்ன ஆயிற்று?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவ்வளவுதான். பதிலும் வரவில்லை, விட்ட இடமும் கிடைக்கவில்லை. முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார்.

மனப்பாடத்தின் சிக்கல் இதுதான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதற்கு முந்திய வாக்கியம்தான் கைப்பிடி. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததைப் பிடிக்க வழியில்லை. பதற்றமாக இருக்கும்போது அறுவது அந்த ஒரு கண்ணிதான். கேட்பவருக்கும் உடனே தெரிந்துவிடும்: வேகம் ஏறி இறங்காமல் ஒரே சீராக ஓடும், கண் மேல்மூலையைப் பார்க்கும், குரலில் எங்கும் அழுத்தம் விழாது. தெரிந்தவுடன் குறுக்குக் கேள்வி போடுவார். நானும் போட்டிருக்கிறேன்.

எழுதியதைக் கிழிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஓர் அட்டை, அட்டையில் ஐந்து சொற்களும் எண்களும் மட்டும். பிறகு 4/3/2 என்கிற பயிற்சி. 1983-இல் கீத் மாரிஸ் எழுதியது, பால் நேஷன் என்ற மொழிக்கல்வி அறிஞர் வழியாகப் பரவியது. ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் மூன்று முறை சொல்ல வேண்டும்: முதலில் 4 நிமிடம், பிறகு 3, பிறகு 2. விஷயம் மாறாது, நேரம் மட்டும் சுருங்கும். என்ன சொல்வது என்ற கவலை முதல் முறையிலேயே தீர்ந்துவிடுவதால், அடுத்த முறைகளில் மூளைக்குச் சொல்லும் வேலை மட்டும்தான் மிச்சம்.

நேர்காணலில் ஒரு பதில் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் நீளம். அதனால் நாங்கள் 3, 2, 1½ என்று குறைத்துக்கொண்டோம். மூன்று ஆளுக்கு எங்கே போவது? முதலில் நான், அடுத்து அவருடைய அக்காள் மகள், கடைசியில் கைப்பேசி கேமரா. கண்ணாடி முன் பேசுவதை நான் பரிந்துரைப்பதில்லை. கண்ணாடியில் தெரிவது தன் முகம்தான், பயம் அடுத்தவர் முகத்தைப் பார்த்து வருவது.

இந்தப் பயிற்சியில் ஒரு பொறி இருக்கிறது. முதல் முறை "ஐ டிட் நாட் ஃபவுண்ட்" என்றார். மூன்றாம் முறையும் அதையேதான் சொன்னார், இன்னும் வேகமாக, இன்னும் உறுதியாக. திரும்பச் சொல்வது சரளத்தைப் பதிய வைப்பதுபோலப் பிழையையும் பதிய வைக்கும். அதனால் முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் நிறுத்தி இரண்டே பிழையைத் திருத்துவது என்று வைத்துக்கொண்டோம். மூன்றாவதைத் திருத்தப் போனால் பேசும்போதே தன்னைக் கண்காணிக்க ஆரம்பித்துவிடுவார், பழைய மௌனம் திரும்பிவிடும்.

எந்த இரண்டு? அர்த்தத்தை மாற்றுகிற பிழை எதுவோ அது. 'ஏ', 'தி' விட்டுப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. நடந்து முடிந்ததை இப்போது நடப்பதுபோலச் சொன்னால் குழப்பம். "ஐ ஆம் வொர்க்கிங் தேர்" என்று முந்தைய வேலையைச் சொன்னார், இன்னும் அங்கேயே இருக்கிறார் என்று பொருள் வந்தது. இன்னொன்று எண்கள். ஒத்திகையில் "15 நிமிடத்தில் முடித்தேன்" என்றது எனக்கு 50 என்று கேட்டது. இந்த இரண்டு சொற்களையும் காது பிரித்தறிவது பெரும்பாலும் அழுத்தத்தை வைத்துத்தான்: 'ஃபிஃப்டீன்' என்பதில் 'டீன்' கனத்து நீள வேண்டும், 'ஃபிஃப்டி' என்பதில் 'ஃபிஃப்'. அவர் இரண்டையும் ஒரே எடையில் சொல்லிவந்தார். அழுத்தம் பழகும்வரை "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்" என்று சேர்த்துச் சொல்ல வைத்தேன். தொலைபேசியில் வேலை செய்கிறவர்கள் இயல்பாகச் செய்வதுதான், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி புரியாதபோது

பேச வராது என்ற பயத்துக்கு அடியில் இன்னொரு பயம் இருந்தது. கேள்வியே புரியாமல் போனால்? 'வாக் மீ த்ரூ' போட்ட காயம் அது. அதைப்போன்ற சில சொற்றொடர்களின் பொருளை மட்டும் எழுதி வைத்தோம். 'வாக் மீ த்ரூ' என்றால் வரிசையாகச் சொல்லுங்கள். 'டெல் மீ அபவுட் எ டைம் வென்' என்றால் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், பொதுவான கருத்து வேண்டாம். 'வாட் டு யூ பிரிங் டு தி டேபிள்' என்றால் உங்களால் எங்களுக்கு என்ன பயன். இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம், ஆனால் முடிவே கிடையாது. கேட்பவர் அன்றைக்கு எதைச் சொல்வார் என்று யாருக்குத் தெரியும்?

எனவே புரியாதபோது என்ன செய்வது என்பதையே பயிற்சியாக்கினோம். திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. காதில் விழாமல் போயிருந்தால் அது உதவும். விழுந்தும் புரியவில்லை என்றால் அதே சொற்கள்தான் திரும்ப வரும், முதல் நேர்காணலில் நடந்தது அதுதான். ஒரு சொல்தான் இடிக்கிறது என்றால் அந்தச் சொல்லைச் சொல்லிப் பொருள் கேட்கலாம். எல்லாவற்றையும்விட நல்ல வழி, புரிந்த அளவைத் தன் சொல்லில் சொல்லிச் சரிபார்ப்பது: "டு யூ மீன்..." என்று தொடங்கி ஓர் ஊகத்தை வைப்பது. ஊகம் சரியென்றால் அவர் தலையாட்டுவார். தவறென்றால் அவரே எளிய சொற்களில் விளக்குவார். எப்படி இருந்தாலும் நமக்கு ஏழெட்டு விநாடி கிடைக்கும், அதுவும் நாம் பேசிக்கொண்டே.

இதற்கும் ஓர் அளவு உண்டு. 30 நிமிடத்தில் இரண்டு மூன்று முறை கேட்டால் கவனமானவர் என்று எடுத்துக்கொள்வார்கள். எட்டு முறை கேட்டால் காதுக்கே பயிற்சி போதவில்லை என்று அர்த்தம், அதை எந்தச் சொற்றொடரும் மறைக்காது. வீடியோ அழைப்பில் பாதிப் பிரச்சினை ஒலியில்தான் இருக்கும் என்பதால், ஒயர் வைத்த ஹெட்போன் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

தொடக்கத்திலேயே "சாரி ஃபார் மை இங்கிலீஷ்" என்று சொல்லலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதைக் கேட்ட பிறகு எதிரே இருப்பவர் பிழையைத்தான் எண்ணுவார். மௌனம் வரப்போகிறது என்று தெரிந்தால், "லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்" போதும். மௌனத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டால், அந்த மூன்று விநாடியும் யோசனைக் கணக்கில் போய்விடும்.

ஒத்திகையும் அந்த நாளும்

எட்டாம் நாளிலிருந்து பதினோராம் நாளுக்குள் மூன்று முழு ஒத்திகைகள். கேட்டவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் அவருக்கு முன்பின் தெரியாத என் நண்பர். நண்பரிடம் இரகசியமாக ஒன்று சொல்லி வைத்திருந்தேன்: இரண்டு இடத்தில் குறுக்கே பேசு, ஓரிடத்தில் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாதே. அந்த உணர்ச்சியற்ற முகம்தான் அவரை அதிகமாகக் கலைத்தது. பதில் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, முடித்த பதிலை நீட்டினார், நீட்டிய இடத்தில்தான் தடுமாறினார். முடிந்த பிறகு நண்பர், "நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்" என்றபோது சிரித்துவிட்டார். அதிலிருந்து கடைசி எண்ணைச் சொன்னதும் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தோம்.

அன்று காலை செய்தது கொஞ்சம்தான். அழைப்புக்கு முன் 20 நிமிடம் என்னோடு ஆங்கிலத்தில் தொலைபேசியில் பேசினார், நேர்காணலைப் பற்றி அல்ல, நேற்று பார்த்த வீடியோ, எழுந்த நேரம் என்று ஏதேதோ. அன்றைய முதல் ஆங்கில வாக்கியம் நேர்காணலில் வரக்கூடாது என்பதற்காக. அட்டைகளைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். மனப்பாடமாக வைத்திருந்தது ஒன்றே ஒன்று, தன்னைப் பற்றிய 40 விநாடி அறிமுகம். அதற்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்திருந்தேன். பதற்றம் பெரும்பாலும் உச்சத்தில் இருப்பது அந்த முதல் நிமிடத்தில், அங்கே யாரும் குறுக்கே பேசுவதும் அபூர்வம்.

பிறகு அவர் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். பெட்டிக் கதை கேட்கப்பட்டது, மீதி 12 பற்றியும் கேட்டார்கள். "வி டிட் நாட் ஃபைண்ட் தெம். ஐ ரிப்போர்ட்டட் தெம் டு மை மேனேஜர்" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்திருக்கிறார். மேலாளர் சாத்தியமில்லாத ஒன்றைக் கேட்டால் எப்படி 'புஷ் பேக்' செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. அந்தச் சொல் பட்டியலில் இல்லை. "டு யூ மீன், ஹவ் டு ஐ சே நோ?" என்று கேட்டிருக்கிறார், அவர்கள் ஆமாம் என்றதும் பதில் சொல்லியிருக்கிறார். ஓரிடத்தில் கவிழ்ந்தது. வாராவாரம் வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேச வேண்டியிருக்கும், முடியுமா என்று கேட்டபோது எதுவும் ஓடவில்லை. நாங்கள் தயாரித்த நான்கு சம்பவங்களும் கிடங்குக்குள்ளேயே நடந்தவை, அது என் பிழை. கடைசியில், "இப்போது எழுத்தில் முடியும், பேச்சில் கொஞ்சம் நேரம் வேண்டும்" என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். அந்தப் பதிலை நான் எழுதிக் கொடுத்திருந்தாலும் அதைவிட நேர்மையாக எழுதியிருக்க மாட்டேன். 12 நாளில் கிடைத்தது அவ்வளவுதான். தெரிந்த கதையைச் சொல்ல வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் கோபமாகப் பேசினால் சமாளிக்கும் ஆங்கிலத்துக்கு மாதங்கள் ஆகும்.

மூன்று நாள் கழித்து, இரண்டாம் சுற்றுக்கு அழைத்திருக்கிறார்கள் என்று செய்தி அனுப்பினார். நேரில், மூன்று பேர் சேர்ந்து கேட்பார்களாம். "இப்போது என்ன செய்வது அக்கா?" என்றார். முதல் நாள் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டுப் பதிவு செய்தோம். 1 நிமிடம் 25 விநாடி பேசினார். நீண்ட மௌனம் ஐந்து, அதில் ஒன்று மட்டும் வாக்கியத்தின் நடுவில். 'ஒப்பிட்டு' என்பதற்கு ஆங்கிலம் தேடிய இடம் அது.